ஃபர்ஸ்ட் டிவிஷன் ஆனந்தி

அனுப்பி மூன்று நாள் கழித்துத்தான் ஆனந்தி தன் ரெஸ்யூமை முழுதாகப் படித்தாள். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டே கால் மணி. மூணாறு சாலையில் அவள் பில் போடும் சாக்லேட் கடைக்குள் ஒரு பேருந்துச் சுற்றுலாக் கூட்டம் புகுந்து புறப்பட்டிருந்தது. தரையெல்லாம் ஈரக் கால்தடங்கள்.

படிக்க வைத்தது ஒரு மெயில். கோயமுத்தூரில் கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து கோமதி என்பவர் அனுப்பியிருந்தார். ஒரு ரிசார்ட் கம்பெனியின் கோயமுத்தூர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு உதவியாளர் வேலை. முதல் கட்டத் தேர்வில் ஆனந்தி தேறிவிட்டாள். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வீடியோவில் நேர்காணல். அதுவரைக்கும் படித்தபோது அவளுக்குக் காது சூடாகிவிட்டது. அதற்கு அடுத்த வரிதான் வில்லங்கம்.

"கம்பெனி பி.காமில் குறைந்தது அறுபது சதவீதம் கேட்கிறது. உங்கள் ரெஸ்யூமில் ஃபர்ஸ்ட் டிவிஷன் என்று இருப்பதால் உங்கள் பெயரை அனுப்பியிருக்கிறோம். மதிப்பெண் பட்டியலைத் தயாராக வைத்திருங்கள்."

அறுபதா? வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தில் 'பி.காம், டேலி தெரிந்தவர்கள்' என்று மட்டும்தானே இருந்தது? அவளுடையது பத்துக்கு ஐந்து புள்ளி ஆறு இரண்டு. பி கிரேடு. சதவீதத்தில் சொன்னால் ஐம்பத்தாறு சொச்சம். அவள் எங்கேயும் ஃபர்ஸ்ட் டிவிஷன் என்று எழுதவில்லையே.

போனில் பிடிஎஃப்பைத் திறந்தாள். முதல் பக்கத்தில் பெயர், படம், நோக்கம். இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம். அதில் பி.காம் வரிசையின் கடைசிப் பெட்டிக்குள் அழகாக உட்கார்ந்திருந்தது: ஃபர்ஸ்ட் டிவிஷன்.

அப்போதுதான் அந்தச் சனிக்கிழமை அவளுக்கு ஞாபகம் வந்தது.

தேவிகுளத்தில் பாண்டித்துரையின் ஜெராக்ஸ் கடை. போடியிலிருந்து மெட்டு மலை ஏறி வந்து கடை போட்டு ஆறு மாதம்தான் ஆகிறது. எங்கிருந்தோ இறக்கிய மாதிரி ரெஸ்யூம் ஒன்றைக் கணினியில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் ஒவ்வொன்றாய்க் கேட்டுத் தட்டிக்கொண்டே போவான். அன்றைக்கு முன்னால் மூன்று பேர், பின்னால் ஐந்து பேர். எல்லாரும் குடையை உதறிக்கொண்டு நின்றார்கள்.

"பேரு?"

"ஆனந்தி. எஸ்."

"படிப்பு?"

"பி.காம். மூணாறு காலேஜ்."

"வருஷம்?"

"இருபத்திமூணு."

"டிவிஷன்?"

"ஃபர்ஸ்ட் டிவிஷன்."

யோசிக்காமல் வந்த பதில். எஸ்டேட்டில் பிறந்தவர்களிடம் டிவிஷன் என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்கள்? தேயிலைத் தோட்டத்தை மூன்றாகப் பிரித்து ஃபர்ஸ்ட் டிவிஷன், லோயர் டிவிஷன், டாப் டிவிஷன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரேஷன் கடையில் அதைத்தான் கேட்பார்கள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் அதைத்தான் கேட்பார். வில்லேஜ் ஆபீசில் அபேட்சை என்ற விண்ணப்பத்தாளின் மேல் மூலையில் அதைத்தான் எழுதச் சொல்வார்கள். பிறந்ததிலிருந்து அவள் ஃபர்ஸ்ட் டிவிஷன்தான். தொழிலாளர் வீட்டு வரிசைகளில் ஏழாம் நம்பர் லைன், மூன்றாவது வீடு.

பாண்டித்துரையின் மாதிரியில் அந்தப் பெட்டியின் பெயரும் டிவிஷன்தான். வடக்கே பட்டத்தின் தரத்தை அப்படிச் சொல்வார்களாம். அவன் கேட்டான், இவள் சொன்னாள், அவன் தட்டினான். ஒருவரும் பொய் சொல்லவில்லை. பொய் மட்டும் பிறந்துவிட்டது.

அவள் இரண்டாம் பக்கத்தின் அடிக்குப் போனாள். 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்று உறுதியளிக்கிறேன்.' கீழே இடம் தேவிகுளம், தேதி, அவள் பெயர்.

"என்ன, முகத்துல ஈயாடல?" என்று கேட்டாள் ஆர்த்தி. பக்கத்து மேசையில் ஏலக்காய்ப் பொட்டலம் கட்டுகிறவள். டாப் டிவிஷன்காரி. பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி.

ஆனந்தி போனை நீட்டினாள். ஆர்த்தி படித்தாள். இரண்டாம் முறை படித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நல்லவேள, நான் போயிருந்தா டாப் டிவிஷன்னு அடிச்சிருப்பான். யுனிவர்சிட்டிக்கே முதல்னு நெனச்சிருப்பாக."

"சிரிக்காதடி. எனக்குப் பயமா இருக்கு."

"எதுக்குப் பயம்? நீயா எழுதுன? வெள்ளிக்கிழம போயி உக்காரு. நல்லாப் பேசு. டேலில நீ புலி. ஆளப் புடிச்சுப் போச்சுன்னா மார்க்க எவன் பாக்கப் போறான்?"

"பட்டியல ரெடியா வைக்கச் சொல்லிருக்காகல்ல?"

"அப்ப பாக்கும்போது சொல்லிக்கலாம். கடக்காரன் தப்பா அடிச்சிட்டான்னு."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 'அப்ப சொல்லிக்கலாம்' என்பதற்கும் 'இப்பவே தெரியும்' என்பதற்கும் நடுவில் மூன்று நாள் கிடந்தது. அந்த மூன்று நாளும் அவளுக்குத் தெரிந்தே அந்தப் பெட்டி அங்கே இருக்கும். செவ்வாய்க்கிழமை மதியம்வரை அது பிழை. அதற்குப் பிறகு அதற்கு வேறு பெயர்.

இந்த வேலை போனால் என்ன போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் அம்மா சுருளியம்மாள் முப்பத்தாறு வருஷமாகக் கொழுந்து கிள்ளுகிறவள். வருகிற முப்பதாம் தேதியோடு ரிட்டையர். அப்பா சங்கையா ஃபேக்டரியில் இருந்தவர், இறந்து ஐந்து வருஷமாகிறது. லைன் வீடு கம்பெனி வீடு. வேலை செய்கிறவர் பெயரில்தான் இருக்கும். அம்மா பெயர் செக்ரோல் என்ற ஆள் பட்டியலிலிருந்து எடுபட்டால், வீட்டுக்குள் இருக்கிற வேறொருவர் பெயர் ஏற வேண்டும். ஏறாவிட்டால் சாவியைக் கொடுக்க வேண்டும். இருபத்தைந்தாம் தேதிக்குள் பதில் சொல்லும்படி எஸ்டேட் ஆபீசிலிருந்து தாள் வந்திருந்தது. கோயமுத்தூர் வேலை கிடைத்தால் அம்மாவை அழைத்துக்கொண்டு போய்விடலாம். கிடைக்காவிட்டால் ஆனந்தி கூடையைத் தோளில் மாட்ட வேண்டும். சாக்லேட் கடைச் சம்பளத்துக்கு மூணாற்றில் வாடகைக்கு ஒரு குளியலறைகூடக் கிடைக்காது.

அன்றைக்குத் தேதி பதினெட்டு.

கடையை விட்டு வந்ததும் அம்மாவிடம் சொன்னாள். சுருளியம்மாள் முழங்கால்வரை சுற்றிய பிளாஸ்டிக் தாளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு வைத்திருந்தது.

"ஃபர்ஸ்ட் டிவிஷன்னுதான எழுதிருக்கு? அதுல என்ன பொய்யி? மேனேசரு வந்து கேட்டாலும் அதான சொல்லுவோம்?"

"அம்மா, அது வேற டிவிஷன்மா. படிப்புல முதல் வகுப்புன்னு அர்த்தம்."

"நீ மொத வகுப்பு இல்லையா?"

இதற்கு ஆனந்தியிடம் பதில் இருந்தது. கல்லூரியில் சேர்ந்த வருஷம் கொரோனா. வகுப்பெல்லாம் போனில். லைனில் ரேஞ்ச், அதாவது போன் சிக்னல், கிடையாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் கொட்டகைக்கு மேலே உள்ள வளைவில், பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு பதினோரு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து படித்தார்கள். மழை வந்தால் ரேஞ்ச் போகும். மூணாற்றில் மழை எப்போது வராது? முதல் இரண்டு செமஸ்டரில் போன மதிப்பெண்ணை அடுத்த நான்கில் இழுத்துப் பிடித்ததில் வந்ததுதான் அந்த ஐந்து புள்ளி ஆறு இரண்டு. அதைக் கேட்கிற கட்டம் எந்த ரெஸ்யூமிலும் இல்லை.

"மொத வகுப்பு இல்லம்மா. அறுபது கேக்காக. எனக்கு அம்பத்தாறு."

சுருளியம்மாள் தாளை மடித்தாள். "நாலுதான கொறையுது?"

"நாலுதான்."

"கொழுந்து நெறுக்கைல நாலு கிலோ கொறஞ்சா கங்காணி விட்டுருவானா?" என்று அவளே கேட்டு, அவளே பதிலும் சொன்னாள். "விடமாட்டான்." பிறகு, "தப்புன்னு எழுதுனா வேல போயிருமா?" என்றாள்.

"போனாலும் போகும்."

"எழுதாட்டா?"

"சேந்தப்பறம் யுனிவர்சிட்டில விசாரிப்பாகளாம். அப்பத் தெரிஞ்சா வெளிய அனுப்பிருவாக. அதுக்குள்ள வீட்டக் காலி பண்ணிருப்போம்."

சுருளியம்மாள் மடித்த தாளை மூலையில் வைத்தாள். எழுது என்றும் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. உலை வைக்கப் போய்விட்டாள். ஆனந்திக்கு அதுதான் பெரிய பாரமாக இருந்தது. யாராவது ஒருவர் அதட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை ஏழரைக்கே மஸ்டர் கொட்டகை வளைவுக்குப் போனாள். கல்லூரிப் பாடம் படித்த அதே கல்லில் உட்கார்ந்தாள். போனை எடுத்து எழுதத் தொடங்கினாள். தனி மெயிலாக இல்லாமல், கோமதி அனுப்பியதற்குக் கீழேயே பதிலாக. வேறொரு மெயிலாகப் போனால் இருநூறு விண்ணப்பத்துக்கு நடுவில் எது எதனுடையது என்று யாருக்குத் தெரியும்?

முதலில் வந்தது ஒரு கதை. எஸ்டேட் என்றால் என்ன, டிவிஷன் என்றால் என்ன, பாண்டித்துரை எப்படிக் கேட்டான், கொரோனா, ரேஞ்ச், அப்பா. இரண்டு திரை நிறைந்துவிட்டது. படித்துப் பார்த்தாள். பிழை எங்கே என்று அவளுக்கே தேட வேண்டியிருந்தது. நீதிமன்றத்தில் குற்றவாளி பேசுகிற மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் அழித்தாள்.

மிஞ்சியதை ஆங்கிலத்தில் எழுதினாள். தமிழில் அது இப்படி இருக்கும்:

'மதிப்பிற்குரிய கோமதி அவர்களுக்கு, பதினைந்தாம் தேதி நான் அனுப்பிய ரெஸ்யூமில் ஒரு பிழை இருப்பதை நேற்றுக் கவனித்தேன். இரண்டாம் பக்கத்தில் பி.காமுக்கு ஃபர்ஸ்ட் டிவிஷன் என்று இருக்கிறது. அது தவறு. என் சரியான மதிப்பெண் 10க்கு 5.62, பி கிரேடு. நான் வசிக்கும் எஸ்டேட் பகுதியின் பெயர் ஃபர்ஸ்ட் டிவிஷன்; தட்டச்சு செய்யும்போது அது தவறான இடத்தில் சேர்ந்துவிட்டது. அனுப்பும் முன் சரிபார்க்காதது என் தவறு. திருத்திய ரெஸ்யூமையும் மதிப்பெண் பட்டியலையும் இணைத்திருக்கிறேன். பழையதற்குப் பதிலாக இதைப் பயன்படுத்தும்படியும், கம்பெனிக்கு அனுப்பியிருந்தால் அவர்களுக்கும் தெரிவிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை நேர்காணலுக்கு நான் வரலாமா என்று சொல்லுங்கள்.'

அனுப்புவதற்குத் திருத்திய ரெஸ்யூம் வேண்டுமே. முதல் ஜீப்பில் தேவிகுளம் போனாள். பாண்டித்துரை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தான்.

"அண்ணே, அன்னைக்கு டிவிஷன்னு என்னத்தக் கேட்டீக?"

"கிளாஸ், தங்கச்சி. பர்ஸ்ட்டா செகண்டான்னு. ஏன்?"

சொன்னாள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"ஆத்தி! ஆறு மாசத்துல எஸ்டேட்டுப் புள்ளைக எத்தன பேருக்கு அடிச்சுக் குடுத்துருக்கேன்! எல்லாம் பர்ஸ்ட் டிவிஷன். பரவால்லையே, மலைமேல எல்லாம் படிப்பாளியா இருக்காகன்னுல்ல நெனச்சேன்."

"லோயர் டிவிஷன்னு ஒருத்தரும் சொல்லலையா?"

"ரெண்டு பேரு சொன்னாக. பாவம், மார்க்கு கம்மி போலன்னு நானே அத எடுத்துட்டேன்."

ஆனந்தியால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. சிரித்தபோதுதான் நேற்றிலிருந்து சரியாக மூச்சு விடவில்லை என்பது தெரிந்தது.

அவன் அந்தப் பெட்டியின் தலைப்பை மாற்றினான். கிரேடு, மதிப்பெண். ஐந்து புள்ளி ஆறு இரண்டைத் தட்டினான். டிவிஷனை முகவரிக்கு ஏற்றினான். இந்த முறை அவள் நின்றுகொண்டே கடைசி வரிவரை படித்தாள். கோப்பின் பெயரில் 'திருத்தியது' என்று சேர்க்கச் சொன்னாள். பழையதும் புதியதும் ஒரே பெயரில் இருந்தால் மறுபடியும் பழையதே போய்ச்சேரும். பட்டியலை ஸ்கேன் செய்தான். காசு வாங்க மாட்டேன் என்றான். வேலை தேடும் ஆப்பிலும் அதே பழைய ரெஸ்யூமை ஏற்றியிருந்தது நினைவுக்கு வந்து, அதையும் அங்கேயே எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டாள்.

ஒன்பது பத்துக்கு அனுப்பினாள். அனுப்பியதும் திரையின் அடியில் 'அனுப்பியதை ரத்து செய்' என்று சில விநாடிக்கு ஒரு வரி தோன்றியது. விரலை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அது மறையும்வரை பார்த்தாள்.

புதன் முழுக்கப் பதில் இல்லை. பில் போடும்போது இரண்டு தடவை தப்புச் செய்தாள். மெயில் அனுப்பியதைக் கேட்டதிலிருந்து ஆர்த்தி முறைத்துக்கொண்டே பொட்டலம் கட்டினாள். சாயங்காலம் கடை சாத்தும்போது மட்டும், "கிறுக்கி" என்றாள். அதில் கோபம் பாதிதான்.

வியாழன் பதினொன்றரைக்குப் போன் வந்தது.

"ஆனந்திங்களா? கோமதி பேசறனுங்க, கோயமுத்தூருல இருந்து. பேசலாமுங்களா?"

ஆனந்தி கல்லாவை ஆர்த்தியிடம் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடினாள். "சொல்லுங்க மேடம்."

"மேடமெல்லாம் வேண்டாமுங்க. உங்க மெயிலப் பாத்தனுங்க. ரெண்டு தடவ படிச்சனுங்க. நானும் கேரளாதானுங்க, எருத்தேன்பதி. எங்கூருல டிவிஷன்னா பள்ளிக்கூடத்துல ஏ டிவிஷன், பி டிவிஷன். ஊட்டுக்கு டிவிஷன்னு இப்பத்தானுங்க கேள்விப்படறேன்."

"எங்க ஊர்ல எல்லாத்துக்கும் டிவிஷன்தாங்க."

கோமதி சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "நீங்க சொன்னது நல்லதாப் போச்சுங்க. போன மாசம் ஒருத்தரு சொல்லாம உட்டு, சேந்தப்பறம் வெரிபிகேசன்ல மாட்டிக்கிட்டாரு. அவரு பேர இனி எங்க லிஸ்ட்லயே போட முடியாதுங்க. உங்க திருத்தத்த கம்பெனிக்கு அப்படியே அனுப்பிட்டனுங்க. டேலி நல்லாத் தெரியும், நேராப் பேசிப் பாருங்கன்னு என் பங்குக்கும் ஒரு வரி சேத்தி எழுதுனனுங்க."

"நாளைக்கு இன்டர்வியூ இருக்குமாங்க?"

"அத நான் சொல்ல முடியாதுங்க. அறுபதுன்னு அவிய எழுதி வெச்சுட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள சொல்றனுங்க. மனச உட்றாதீங்க."

நான்கு ஐம்பதுக்கு மெயில் வந்தது. ஐந்து வரி. திருத்தத்தைத் தெரிவித்ததற்குக் கம்பெனி நன்றி சொல்கிறது. இந்தப் பதவிக்கு அறுபது சதவீத விதியைத் தளர்த்த முடியாது. நாளைய நேர்காணல் ரத்து செய்யப்படுகிறது. திருத்திய ரெஸ்யூம் எங்களிடம் இருக்கும். அந்த விதி இல்லாத இடம் வந்தால் அழைக்கிறோம். கீழே கோமதி தானாகவே ஒரு வரி சேர்த்திருந்தார்: அழைக்கிறேன் என்றால் அழைப்பேனுங்க.

ஆனந்தி படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். வெளியே இன்னொரு பேருந்து வந்து நின்றது. நாற்பது பேருக்குப் பில் போட்டாள். ஒன்றிலும் தப்பு வரவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது, சுருளியம்மாள் அடுப்பைப் பார்த்தபடி, "சரி" என்றாள். சோற்றை வடித்துவிட்டு வந்து, "என் கொழுந்துக் கூட ஒனக்குப் பெருசு. புதுசு கேட்டு வாங்கு" என்றாள்.

இருபத்தைந்தாம் தேதி காலை இருவரும் எஸ்டேட் ஆபீசுக்குப் போனார்கள். அம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நல்ல சேலை கட்டியிருந்தாள். வரிசையில் ஏழு பேர். ஆபீஸ் கணக்கெழுதும் ரைட்டர் ஈஸ்வரன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அபேட்சைத் தாளை இழுத்தார்.

"சுருளியம்மா, ஓம் பொண்ணா? பி.காம் படிச்ச புள்ளையில்ல? இதுவா கொழுந்துக்கு வருது?"

"இப்போதைக்கு" என்றாள் ஆனந்தி, அம்மா வாயைத் திறப்பதற்கு முன்.

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். "இப்போதைக்குன்னு வந்தவுகதான் இங்கன எல்லாரும், தாயி. பேரு?"

"ஆனந்தி. எஸ்."

"வயசு?"

"இருபத்திமூணு முடிஞ்சது."

"டிவிஷன்?"

வாய்வரை வந்துவிட்டது. ஆனந்தி அதை நிறுத்தினாள். வரிசையில் பின்னால் யாரோ இருமினார்கள்.

"எதுக்குண்ணே கேக்கீக? அட்ரசுக்கா?"

ஈஸ்வரன் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நிமிர்ந்தார். "பின்ன எதுக்காம்?"

"அட்ரசுக்குன்னா ஃபர்ஸ்ட் டிவிஷன். ஏழாம் நம்பர் லைன்."

அவர் எழுதி முடித்து, தாளை அவள் பக்கம் திருப்பி, கீழே கையெழுத்துக்கான இடத்தில் விரலை வைத்தார். "இங்கன ஒரு ஒப்பு போடு."

அவள் பேனாவை வாங்கினாள். ஒப்பு போடவில்லை. மேலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

"வரிசை நிக்கிது, தாயி" என்றார் ஈஸ்வரன்.

"படிச்சிட்டுப் போடுதேன்" என்றாள் ஆனந்தி.